குழந்தைக்குப் பசியே இல்லை, வயிறு மட்டும் உப்பி நிற்கிறது, ஒளிந்து ஒளிந்து பல்பம் தின்கிறாள். பூச்சி என்கிறார்கள். பூச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான் டாக்டர் இல்லை. வேலூர் பக்கம் ஒரு லேபில் ரத்தமும் மலமும் பார்க்கிறவன். ஆனால் நீங்கள் சொல்லும் இதே மூன்றும் என் அக்கா மகளுக்கு வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது, எடை 14 கிலோ. ஒரு நாள் அக்கா போன் செய்தாள். "டேய், பாப்பா சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னுதுடா. பல்பம் டப்பாவே காலி. சோறு வச்சா மட்டும் ரெண்டு வாயோட எந்திரிச்சிடுது." கூடவே, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது என்றாள். ஏற்கெனவே ஒரு லேபில் மலம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எப்போது எடுத்த மலம் என்று கேட்டேன். முந்தின நாள் காலையில் பிடித்து, மூடி வைத்து, மறுநாள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒன்றிரண்டு நாளுக்குள் பொரிந்துவிடும். பழைய மலத்தில் முட்டையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முட்டை எல்லா நாளும் ஒரே அளவில் வராது.

மறுநாள் காலையில் பிடித்த சூட்டோடு கொண்டுவரச் சொன்னேன். மூன்றாவது ஸ்லைடில் கிடைத்தது. மெல்லிய கண்ணாடி ஓடு, உள்ளே நாலைந்து உருண்டை, ஓட்டுக்கும் உருண்டைக்கும் நடுவில் வெறும் இடம். கொக்கிப்புழு முட்டை அப்படித்தான் இருக்கும். உருளைப்புழு முட்டை (ஊரில் நாக்குப்பூச்சி என்பார்களே, அது) பழுப்பு நிறத்தில், பலாத்தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். அது இவளுக்கு இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2. அந்த வயதில் 11.5-க்குக் கீழே போனாலே சோகை என்று கணக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "பூச்சி" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது வெவ்வேறு பிராணிகள். ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. ராத்திரியில் ஆசனவாயில் அரிக்க வைக்கும் நூல் மாதிரியான கீரிப்பூச்சி, ரத்தத்தைக் குறைக்காது. நாக்குப்பூச்சி ஒரு சாணுக்கு மேல்கூட வளரும். சிறுகுடலில் கிடந்து, குழந்தை பாதி செரித்ததைத் தின்னும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

முதலில் பல்பத்துக்கு வருகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கம் அதிகம் காணப்படும் வகையில் ஒரு கொக்கிப்புழு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் இழக்க வைக்கும். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நூறு புழு இருந்தால் 3 மில்லி. அந்த 3 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கொஞ்சம் குடலிலேயே திரும்ப உறிஞ்சப்படும் என்றாலும், ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பு ஒரு நாள் சாப்பாடு முழுவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் இரும்பே சுமார் அவ்வளவுதான். உள்ளே வருகிற வழியிலேயே வெளியே போகிறது. சில மாதத்தில் உடம்பில் இருந்த சேமிப்பும் தீர்ந்துவிடும்.

இரும்பு தீர்ந்தவர்களுக்குத் தின்னக்கூடாததைத் தின்னத் தோன்றும். மண், பல்பம், பச்சரிசி, திருநீறு, அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஒன்று. மூளையில் இது எந்த வழியாக நடக்கிறது என்பது மருத்துவத்தில் இன்னும் தீராத கேள்வி. உடம்புக்கு இரும்பு வேண்டும், அதனால் மண்ணைத் தேடுகிறது என்று சிலர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல்பத்திலும் ஐஸிலும் இரும்பு எங்கே இருக்கிறது? சில வகைக் களிமண் குடலில் இருக்கிற இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆசை வருவது இரும்புக் குறைவால்தான், தின்பதால் அந்தக் குறைவு தீர்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. மண் தின்கிற குழந்தைக்கு அந்த மண்ணிலிருந்தே நாக்குப்பூச்சி முட்டை உள்ளே போகும். சில பிள்ளைகளுக்குப் பூச்சியால் மண் ஆசை வந்ததா, மண் தின்று பூச்சி வந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அக்கா மகள் விஷயத்தில் சொல்ல முடிந்தது. கொக்கிப்புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை, வெறும் கால் தோலைத் துளைத்துக்கொண்டு வரும். நுழைந்த இடத்தில் அரிக்கும், அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவோம்.

அப்புறம் பசி. பூச்சி இருந்தால் பிள்ளை அடங்காமல் தின்னும், எல்லாவற்றையும் பூச்சி தின்றுவிடும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. குடல் சுவர் கடிபட்டு அழற்சியில் இருக்கும்போது உடம்பு பசியைக் குறைத்துவிடும். காய்ச்சலில் சாப்பாடு பிடிக்காமல் போகிறதே, அதன் லேசான வடிவம் மாதங்கணக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் குறைவே தனியாகப் பசியை மந்தமாக்கும். கென்யாவில் பள்ளிப் பையன்களுக்கு வேண்டிய மட்டும் கஞ்சி கொடுத்து, எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே ஒரு தடவை அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுத்து நாலு மாதம் கழித்து அளந்தபோது, மாத்திரை எடுத்தவர்கள் கூடுதலாகக் குடித்தார்கள், எடையும் கூடியிருந்தது. 1993-இல் வெளியான ஆய்வு அது. என் அக்கா ஒரு வருடமாக "அடம், கொழுப்பு" என்று திட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் பிள்ளையின் குடலில் இருந்தது.

வயிறு உப்பல் மூன்றிலும் குழப்பமானது. மூன்று வயது வரை எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் தொப்பை இருக்கும், அது நோயில்லை. நாக்குப்பூச்சி நிறைய இருந்தால் அந்தப் புழுக்களே இடத்தை அடைக்கும். அதோடு பாலில் இருக்கும் சர்க்கரை சரியாகச் செரிக்காமல் குடலில் வாயு சேரும். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பிள்ளை சோறு தின்னவில்லையே என்று நாம் பாலாக ஊற்றுவோம், உப்பல் இன்னும் கூடும். கொக்கிப்புழுவில் வேறு வழி. ரத்தத்தோடு புரதமும் போகிறது, சாப்பாடும் குறைவு, கை கால் மெலிந்து வயிற்றுத் தசை தளர்ந்துவிடும். சூம்பிய கை காலுக்கு நடுவில் சாதாரண வயிறுகூடப் பானையாகத் தெரியும். அக்கா மகளுக்கு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது, கட்டி இல்லை, கல்லீரல் மண்ணீரல் வீங்கவில்லை. அதைப் பார்க்காமல் பூச்சி என்று முடிவுகட்டக் கூடாது.

வயிறு உப்பி, கெட்டியாகி, பிள்ளை வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகவில்லை என்றால், அது நாக்குப்பூச்சிகள் உருண்டு குடலை அடைத்திருப்பதாக இருக்கலாம். அப்போது வீட்டில் பூச்சி மாத்திரை கொடுக்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, எப்படிச் சரியானது? அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்று, மென்று தின்னக் கொடுத்தார்கள். (ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பதும் இதேதான்.) அக்கா மறுநாளிலிருந்து பல்பம் டப்பாவை எண்ணத் தொடங்கினாள். ஒரு வாரம் கழித்து, "மாத்திரை வேலை செய்யலைடா" என்றாள். வேலை செய்திருந்தது. ஆனால் மாத்திரை புழுவைத்தான் கொல்லும், போன இரும்பைத் திருப்பித் தராது. டாக்டர் எழுதிய இரும்பு சிரப்பை அவள் வாங்கியே வைக்கவில்லை, "சூடு" என்று மாமியார் சொல்லிவிட்டார்களாம்.

எடைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில், நாளைக்கு 42 மில்லிகிராம் இரும்பு. வெறும் வயிற்றில் முடியாவிட்டால் சாப்பாட்டோடு. டீயோடும் பாலோடும் வேண்டாம், இரும்பு உடம்பில் ஏறாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சிரப் தொடங்கிப் பத்தாவது நாள் வாக்கில் பல்பம் அப்படியே கிடக்கிறது என்று அக்கா சொன்னாள். அதுதான் இதில் விசித்திரம். ஹீமோகுளோபின் ஏற மாதக்கணக்கில் ஆகும், ஆசை மட்டும் அதற்கு வெகு முன்னாலேயே விட்டுப்போகும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 9.9, மூன்று மாதத்தில் 11.8. அதற்கு மேலும் இரண்டு மாதம் சிரப்பை நிறுத்தவில்லை, சேமிப்பு நிரம்ப வேண்டும். பசி நடுவில் எப்போதோ வந்துவிட்டது, யாரும் தேதி குறிக்கவில்லை. வயிறு கடைசியில்தான் இறங்கியது.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் கழிப்பறை இருக்கிறது, பிறகு எங்கிருந்து வந்தது? விசாரித்தால், அக்காவின் மாமனார் காலையில் வாழைத் தோப்புக்குத்தான் ஒதுங்குவாராம், பழக்கம். அவர் பின்னாலேயே பாப்பாவும் செருப்பில்லாமல் போய் விளையாடும். நிழலும் ஈரமுமான மண் கொக்கிப்புழுக் குஞ்சுக்குத் தொட்டில் மாதிரி. கெஞ்சிக் கூத்தாடி அவரிடமும் ஒரு டப்பா மலம் வாங்கினேன். பாப்பாவுக்கு மூன்றாவது ஸ்லைடில் கிடைத்த முட்டை, அவருக்கு முதல் ஸ்லைடில், முதல் பார்வையிலேயே இருந்தது.