இரண்டு விலைகள், இரண்டு விற்பனை அளவுகள்: தேவை நெகிழ்ச்சியைக் கணக்கிட்டு விலை வைப்பது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பொருளின் விலையை 100-இலிருந்து 110 ஆக உயர்த்தினோம். வாரத்துக்குச் சராசரியாக 1,000 விற்றுவந்தது, இப்போது 850 விற்கிறது. நெகிழ்ச்சி 1.5 என்பது என் கணக்கு; 1.9-க்கு மேல் என்கிறார் எங்கள் கணக்காளர். யார் சொல்வது சரி?

பதில்: நெகிழ்ச்சி என்பது விற்பனை மாறிய சதவீதத்தை விலை மாறிய சதவீதத்தால் வகுத்தால் வருவது. இருவருடைய கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. நீங்கள் பழைய நிலையை அடிப்படையாகக் கொண்டு, விலை 10 சதவீதம் ஏற 15 சதவீதம் விற்பனை இறங்கியது என்று வகுத்திருக்கிறீர்கள். கணக்காளர் புதிய நிலையிலிருந்து திரும்பிப் பார்த்து, 110-இலிருந்து 100-க்கு வந்தால் விலை 9.1 சதவீதம் குறைகிறது, விற்பனை 17.6 சதவீதம் கூடுகிறது என்று வகுத்திருக்கிறார். ஒரே மாற்றத்துக்கு இரண்டு விடைகள் கிடைப்பதைத் தவிர்க்கத்தான், இரு புள்ளிகளின் சராசரியை அடிப்படையாகக் கொள்ளும் நடுப்புள்ளி முறை வழக்கத்தில் இருக்கிறது. கீழே E நெகிழ்ச்சி; P1, P2 பழைய, புதிய விலைகள்; Q1, Q2 அந்த விலைகளில் விற்ற அளவுகள்.

```
E = ((Q2 - Q1) / ((Q1 + Q2) / 2)) / ((P2 - P1) / ((P1 + P2) / 2))
```

உங்கள் கணக்கில் சராசரி அளவு 925, சராசரி விலை 105. 150-ஐ 925-ஆல் வகுத்தால் 16.2 சதவீதம், 10-ஐ 105-ஆல் வகுத்தால் 9.5 சதவீதம். ஆகவே நெகிழ்ச்சி ஏறக்குறைய −1.7. குறை அடையாளம் விலையும் விற்பனையும் எதிரெதிராக நகர்வதை மட்டுமே காட்டுவதால் இனி அதை விட்டுவிட்டுப் பேசுகிறேன். மடக்கை எடுத்துக் கணக்கிட்டாலும் இதே 1.7 வரும், விலை மாற்றம் சிறிதாக இருக்கும்வரை இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் வேறுபாடில்லை.

கேள்வி: விலை 10 கூடியதற்கு 150 குறைந்திருக்கிறது. அப்படியானால் நெகிழ்ச்சி 15 அல்லவா?

பதில்: அந்த 15, ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்கும் என்று காட்டும் தேவைக்கோட்டின் சரிவு. விற்பனையை டசன் கணக்கில் எழுதினால் அதே சரிவு 1.25 ஆகிவிடும், நெகிழ்ச்சியோ சதவீதத்தைச் சதவீதத்தால் வகுப்பதால் அலகு எதுவானாலும் மாறாது. ஆனாலும் உங்கள் 15-ஐ வைத்திருங்கள், சற்றுப் பின்னால் தேவைப்படும்.

கேள்வி: நெகிழ்ச்சி 1-ஐத் தாண்டினால் விலை உயர்வு வருவாயைக் குறைக்கும் என்று படித்திருக்கிறேன். ஆகவே முதலில் கேட்டவர் உடனே பழைய விலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையா?

பதில்: முன்பாதி சரி. வருவாய் 1,00,000-இலிருந்து 93,500 ஆக இறங்கியிருக்கிறது. ஆனால் அதிலிருந்து பழைய விலைக்குத் திரும்பும் முடிவு தானாக வராது. வருவாய் குறையும்போதே உற்பத்திச் செலவும் குறைகிறது.

முதலில் கேட்டவரிடம் விசாரித்ததில், ஒன்றைத் தயாரித்து அனுப்ப ஆகும் மாறும் செலவு 60 என்றார். அப்படியானால் பழைய விலையில் ஒன்றுக்கு 40 மிஞ்சியது. 1,000 விற்று 40,000. புதிய விலையில் ஒன்றுக்கு 50. 850 விற்று 42,500. வருவாய் 6,500 குறைந்த அதே வாரத்தில் கையில் நிற்பது 2,500 கூடியிருக்கிறது.

எவ்வளவு விற்பனை இழந்தால் விலை உயர்வு வீணாகும் என்பதை நெகிழ்ச்சி தெரியாமலே முன்கூட்டிக் கணக்கிடலாம். விலை உயர்வை, உயர்வுக்குப் பின் ஒன்றில் மிஞ்சுவதால் வகுக்க வேண்டும்: இங்கே 10-ஐ 50-ஆல் வகுத்தால் 20 சதவீதம். இழந்தது 15 சதவீதம் என்பதால் உயர்வு பலன் தந்திருக்கிறது. மாறும் செலவு 30 ஆக இருந்திருந்தால் எல்லை 12.5 சதவீதமாகச் சுருங்கி, இதே 15 சதவீத இழப்பு நட்டமாகியிருக்கும். 70,000 வந்த இடத்தில் 68,000 வந்திருக்கும். நெகிழ்ச்சி ஒன்றேதான், செலவு மாறியதும் முடிவு தலைகீழாகிறது.

இந்த 60-இல் என்ன சேர்கிறது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்றைக் குறைத்துத் தயாரித்தால் உண்மையில் மிச்சமாகும் செலவு மட்டுமே அதில் வர வேண்டும். கட்டட வாடகையையும் மாதச் சம்பளத்தையும் பங்கிட்டு அதில் ஏற்றிவிட்டால், விற்பனை குறைவதால் அவையும் குறைவதுபோல் கணக்கு காட்டும். உயர்த்தக் கூடாத விலையையும் உயர்த்தச் சொல்லும்.

கேள்வி: நான் விலை நிர்ணயத் துறையில் பணியாற்றியவன். நெகிழ்ச்சி 1.7 என்றால், மாறும் செலவை 1.7/0.7-ஆல் பெருக்கினால் உகந்த விலை கிடைக்கும். 60-க்கு ஏறக்குறைய 145 வருகிறது. 110-லேயே ஏன் நிற்க வேண்டும்?

பதில்: இந்தத் தொடரில் மிகவும் கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். நீங்கள் சொல்லும் விதி உண்மையானது. ஆனால் நெகிழ்ச்சி எல்லா விலையிலும் 1.7 ஆகவே நிற்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நம்மிடம் இருப்பவை 100, 110 என்ற இரண்டு புள்ளிகள். அவற்றின் வழியே எத்தனை வளைகோடுகளையும் வரையலாம். எது உண்மை என்று அந்தப் புள்ளிகளால் சொல்ல முடியாது.

அதே இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். முன்பு ஒருவர் சொன்ன 15 இங்கேதான் வருகிறது: விற்பனை = 2500 − 15 × விலை. இந்தக் கோட்டில் நெகிழ்ச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை, 100-இல் 1.5, 110-இல் 1.94 என்று விலையோடு ஏறிக்கொண்டே போகிறது. முதலில் கேட்டவரும் அவருடைய கணக்காளரும் சொன்ன எண்கள் இவையே. விற்பனை முற்றாக நின்றுபோகும் விலை ஏறக்குறைய 167. அதற்கும் செலவு 60-க்கும் நடுவில் இருக்கும் 113 உகந்த விலையாகிறது. அந்த விலையில் மிஞ்சுவது ஏறக்குறைய 42,670, அதாவது 110-இல் கிடைப்பதைவிடச் சற்றே அதிகம்.

ஆக, ஒரே தரவு ஒரு அனுமானத்தில் 145 என்கிறது, இன்னொன்றில் 113 என்கிறது. விதியை நம்பி 145 வைத்து, உண்மையில் தேவை நேர்கோடாக இருந்துவிட்டால், விற்பனை 325-க்குச் சரிந்து மிஞ்சுவது 27,625 ஆகிவிடும். எனவே கண்ட இரு விலைகளுக்கு நடுவிலும் அவற்றை ஒட்டிய சிறு தூரத்திலும் 1.7-ஐ நம்புகிறேன், அதற்கு அப்பால் அது கணிப்பு அன்று, ஊகம்.

கேள்வி: எனக்கு நேர்மாறாக நடந்தது. விலையை உயர்த்தினேன், விற்பனையும் உயர்ந்தது. நெகிழ்ச்சி நேர்மறையாக வருகிறது. என் பொருள் உயர்தரமானது என்று மக்கள் நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படி எடுத்துக்கொண்டு மேலும் உயர்த்திவிடாதீர்கள். தரத்தின் அடையாளமாக விலை பார்க்கப்படுவது உண்டு, ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: தேவையே பெருகியிருக்கும், அதைக் கண்டுதான் நீங்களும் விலையை உயர்த்தியிருப்பீர்கள். அப்போது உங்கள் இரு புள்ளிகளும் ஒரே தேவைக்கோட்டில் இல்லை. முதலாவது பழைய கோட்டிலும் இரண்டாவது வலப்புறம் நகர்ந்த புதிய கோட்டிலும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் கோடு வாங்குபவரின் இயல்பைக் காட்டாது.

இது பழைய சிக்கல். 1914-இல் ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வார்ப்பிரும்பின் விலையையும் அளவையும் ஆராய்ந்து, மேல்நோக்கி ஏறும் தேவைக்கோடு கிடைத்ததாக வெளியிட்டார். தொழில்வளம் ஏறி இறங்கும்போது இரும்பின் தேவையே நகர்ந்ததால், அவர் கண்டது, ஒவ்வொரு விலையிலும் விற்பவர்கள் எவ்வளவு தர முன்வருவார்கள் என்று காட்டும் வழங்கல் கோட்டை ஒத்த ஒன்று என்று பிறர் சுட்டிக்காட்டினர். 1927-இல் எல்மர் வொர்க்கிங் என்ற பொருளியலாளர் இதைத் தெளிவாக விளக்கினார்: வழங்கல் நகர, தேவை நிலையாக நின்றால்தான் புள்ளிகள் தேவைக்கோட்டைக் காட்டும். விலையை ஏன் மாற்றினீர்கள் என்று உங்களையே கேளுங்கள். மூலப்பொருள் விலை ஏறியதால் என்றால் தரவை ஓரளவு நம்பலாம். விற்பனை சூடுபிடித்ததால் என்றால் நம்ப வேண்டாம்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான் மீண்டும் கேட்கிறேன். மாற்றத்துக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம் எடுத்த சராசரிகள் அவை. சாதாரணமாகவே வாரத்துக்கு வாரம் 60 வரை கூடும், குறையும். எங்கள் 1.7-ஐ எவ்வளவு நம்பலாம்? விலையை மாற்றாத ஒரு விற்பனைப் பகுதியும் எங்களிடம் இருக்கிறது.

பதில்: அந்த 60-ஐ வார விற்பனையின் திட்ட விலக்கமாக, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவாகக் கொள்கிறேன். 4 வாரச் சராசரியில் அது 30 ஆகப் பாதியாகும். இரு சராசரிகளின் வேறுபாட்டில் ஏறக்குறைய 42 ஆகும். வழக்கப்படி அதன் இரு மடங்கான 84-ஐ 150-க்கு இருபுறமும் விட்டால், உண்மையான இழப்பு 66 முதல் 234 வரை எங்கும் இருக்கலாம், நெகிழ்ச்சியும் 0.7 முதல் 2.8 வரை போகலாம். நட்ட எல்லையாக நாம் கண்ட 20 சதவீதம், அதாவது 200, இந்த வரம்புக்குள் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். விலை உயர்வு பலன் தந்திருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை.

விலை மாறாத பகுதி உங்களிடம் இருப்பது பெரிய வசதி. அங்கே அதே வாரங்களில் விற்பனை எவ்வளவு மாறியது என்று பாருங்கள். அங்கும் 5 சதவீதம் இறங்கியிருந்தால், விலை ஏறாதபோதும் நீங்கள் 950-தான் விற்றிருப்பீர்கள். 950-ஐயும் 850-ஐயும் ஒப்பிட்டால் நெகிழ்ச்சி 1.17 ஆகக் குறைகிறது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். விலை ஏறப்போவதை முன்கூட்டி அறிவித்திருந்தால் வாங்குபவர்கள் பழைய விலையிலேயே வாங்கிச் சேர்த்திருப்பார்கள். முன் வாரங்களில் கடைசி வாரம் மட்டும் துருத்திக்கொண்டும், பின் வாரங்களில் முதல் வாரம் மட்டும் பள்ளமாகவும் இருந்தால் அந்த இரண்டையும் நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அடுத்து 115 வைத்துப் பார்க்கலாமா? போட்டி நிறுவனமும் விலையை உயர்த்தும் என்று பேச்சு இருக்கிறது.

பதில்: 115 பாதுகாப்பான விலைதான், ஆனால் அது எதையும் கற்றுத்தராது. நேர்கோடு உண்மையானால் அங்கே 775 விற்கும், நெகிழ்ச்சி மாறாத வளைகோடு உண்மையானால் 788 விற்கும். வாரத்துக்கு 60 ஆடும் விற்பனையில் 13-ஐப் பிரித்தறிய முடியாது. 125-இல் அதே இரண்டும் 625, 684 என்று விலகி நிற்கின்றன. எல்லா இடத்திலும் 125 வைத்து நேர்கோடு உண்மையாகிவிட்டால் வாரம் 1,875 இழப்பீர்கள் என்பதால், ஒரு சிறு விற்பனைப் பகுதியில் மட்டும் வைத்துப் பாருங்கள். சிறு பகுதியில் விற்பனையின் ஆட்டம் விகிதத்தில் பெரிதாக இருக்கும். 4 வாரம் போதாது, அதைவிட நீண்ட காலம் ஓட்ட வேண்டியிருக்கும்.

போட்டியாளரைப் பற்றி உங்கள் தரவிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் 1.7 அவர் விலை அசையாமல் இருந்த வாரங்களில் கிடைத்தது. அவரும் உயர்த்தினால் உங்கள் இழப்பு குறையும், அவர் இறக்கினால் கூடும். எந்த அளவுக்கு என்பதை அவருடைய விலை மாறும் வாரங்களில்தான் அளக்க முடியும். ஆகவே இன்றிலிருந்தே அவர் விலையையும் தேதியோடு குறித்துவாருங்கள்.