ராஜினாமா கடிதத்தில் தேதிதான் முக்கியம்

ஐயா, வணக்கம். போன வாரம் திருமங்கலத்திலிருந்து வந்து, "என் மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்யப் போகிறேன் என்கிறான், கடிதம்கூட எழுதி வைத்துவிட்டான்" என்று கலங்கிப்போய்ச் சொன்னீர்கள். மாதாமாதம் வரும் சம்பளம் நிற்கப் போகிறது என்றால் எந்தத் தகப்பனுக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் தம்பிக்கு இரண்டு கிளையன்ட்கள் உறுதியாகி இருக்கிறார்கள், ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கையில் இருக்கிறது. அதனால் போகலாமா வேண்டாமா என்ற பேச்சை விட்டுவிட்டு, எப்படி வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் எழுதி வைத்திருக்கும் கடிதத்தைப் பார்த்தேன். தேதி ஏப்ரல் 22, 2026. பணி நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்று இருக்கிறது. கொடுத்த மறுநாளிலிருந்து எண்ணினால் கடைசி வேலை நாள் ஜூலை 21. அவர் இலந்தைகுளம் ஐ.டி. பூங்கா அலுவலகத்தில் சேர்ந்தது 2021 ஆகஸ்ட் 2. அப்படியென்றால் ஐந்து ஆண்டு நிறைவது 2026 ஆகஸ்ட் 1-இல். பதினோரு நாள் குறைகிறது!

பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, நிரந்தர ஊழியர் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். கணக்கு எளியது: கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முதலிய, பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். தம்பிக்கு அது 30,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 86,500 ரூபாய் வரும். நாலு வருஷமும் 240 நாளும் போதும் என்று சில தீர்ப்புகள் உண்டு. ஆனால் ஐந்து முழு ஆண்டு கேட்கும் கம்பெனியோடு அதை வைத்து மல்லுக்கட்டுவதைவிட, கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிக் கொடுப்பது சுலபம். மே 6-இல் கொடுத்தால் 90-ஆவது நாள் ஆகஸ்ட் 4. அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் தனியாக ஒன்று சொன்னீர்கள்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்." வேண்டாம் ஐயா. இன்றைக்கு இருக்கும் மேலாளர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய் இவருக்கே வேலை கொடுக்கலாம். இந்தத் தொழிலில் அது அடிக்கடி நடக்கும். பொய்க் காரணம் அப்போது குறுக்கே வந்து நிற்கும். கிளையன்ட் பெயரும் கடிதத்தில் வரக்கூடாது. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், அதன் சாரம் இவ்வளவு இருந்தால் போதும்:

"சாஃப்ட்வேர் இன்ஜினியர் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். சொந்தமாகப் பணி செய்யத் திட்டமிட்டுள்ளேன். நியமனக் கடிதத்தின்படி 90 நாள் நோட்டீஸ் இன்று, மே 6, 2026 அன்று தருகிறேன்; என் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 4, 2026. அதற்குள் என் பொறுப்பில் உள்ளவற்றை முழுமையாக ஒப்படைப்பேன். இந்தக் கடிதம் கிடைத்ததையும் கடைசி நாளையும் எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. மேலாளரிடம் வாயால் சொன்ன தேதியை ஹெச்.ஆர். ஏற்காமல் போன சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரே மெயிலில் போகட்டும். அலுவலக மெயில் கடைசி நாளோடு மூடிவிடுவார்கள், அதனால் கடிதத்தின் நகலையும் வந்த பதிலையும் தன்னிடம் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மூன்று மாதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிளையன்ட் அவசரப்படுத்துகிறார் என்று ராத்திரி ஆபீஸ் லேப்டாப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வேலையில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் இருந்தால் ரிலீவிங் கடிதமே சிக்கலாகும். கிளையன்டிடம் ஆகஸ்ட் 5 முதல்தான் என்று இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் சில கம்பெனிகள் அத்தனை நாளைக் கடைசித் தேதியோடு கூட்டிவிடும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், உங்களுக்கும் அம்மாவுக்கும் அவருடைய கம்பெனி மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அவர் விலகியதும் அது நின்றுவிடும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டா, இதுவரை இருந்த காலத்தைச் சேர்த்துக்கொள்வார்களா என்று ஜூன் மாதத்திலேயே ஹெச்.ஆர். மூலம் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த பாலிசி அட்டையையும் நியமனக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்து வாருங்கள் ஐயா.