வாஷிங் மெஷின் பட்டன் வேலை செய்யலயா? மொதல்ல பூட்டு படத்த பாருங்க

அண்ணே, எல்ஜி ஃபிரண்ட் லோடு. பவர் பட்டன் மட்டும் வேலை செய்யுது, வேற எத அமுக்குனாலும் ஒண்ணுமில்ல. பிளக்க புடுங்கி பத்து நிமிஷம் விட்டும் பாத்தாச்சு. – உட்லண்ட்ஸ்

தம்பி, பவர் மட்டும் கேக்குது மத்தது கேக்கலன்னா போர்டு போச்சுன்னு நெனைக்காதீங்க, முக்கால்வாசி நேரம் சைல்டு லாக்தான். டிஸ்பிளேல CL னு வருதான்னு பாருங்க, துணி ஓடிட்டு இருந்தா அது மீதி நேரத்தோட மாத்தி மாத்தி வரும், அதனால ஒரு தடவ பாத்துட்டு இல்லன்னு விட்டுறாதீங்க. பிளக்க புடுங்குனா பொதுவா போகாது, மெஷின் அத ஞாபகம் வச்சுக்கும், சின்னப் புள்ளைங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தெறந்துக்கும்னா அப்புறம் பூட்டு எதுக்கு?

பெரும்பாலும் பேனல்ல ரெண்டு பட்டனுக்கு கீழயோ நடுவுலயோ ஒரு கோடு போட்டு குட்டி பூட்டு படமோ குழந்தை மூஞ்சியோ இருக்கும். அந்த ரெண்டயும் ஒண்ணா, ஒரே நேரத்துல, 3 செகண்ட் அமுக்கிப் புடிங்க. ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி அமுக்குனா எடுக்காது, நெறைய பேரு தோக்குறது இங்கதான். பீப் வந்து CL போயிட்டா சரி. எந்த ரெண்டு பட்டன்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், அதனால யூடியூப்ல வேற மாடல பாத்து அமுக்காம உங்க பேனல்ல உள்ள படத்த நம்புங்க. இது எப்படி விழுந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, சர்வீஸ் யார்ட்ல துணிய வச்சு பேனல தொடைக்கும்போது கை ரெண்டு பட்டன்லயும் அழுந்தியிருக்கும், அவ்வளவுதான்.

எங்க மெஷின்ல பூட்டு படம் எரியுது, CL இல்ல, பட்டன் வேலை செய்யுது, ஆனா கதவு தெறக்கல. – தெம்பனிஸ்

அக்கா, இது வேற பூட்டு. மூஞ்சி இல்லாத வெறும் பூட்டோ சாவியோ கதவு பக்கத்துல எரிஞ்சா பெரும்பாலும் டோர் லாக். துணி ஓடும்போது அது எரியணும். முடிஞ்சப்புறம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் பொறுங்க, டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அப்பவும் தெறக்கலன்னா கண்ணாடி வழியா உள்ள தண்ணி நிக்குதான்னு பாருங்க. நின்னா ஸ்பின் மட்டும் வச்சு ஓட்டுங்க, வெளிய போகலன்னா கீழ உள்ள சின்ன மூடிய தெறந்து ஃபில்டர் பக்கத்து டியூப் வழியா வடிங்க. சுடுதண்ணில தொவச்சிருந்தா ஆறட்டும். கதவ இழுக்காதீங்க, கைப்பிடி உடைஞ்சா அது தனிச் செலவு.

பூட்டு படமே இல்ல, ஆனா டச் பேனல் செத்த மாதிரி இருக்கு?

ஸ்டார்ட் பண்ணதுக்கு அப்புறமா? அப்ப பாஸ் பண்ணாம டெம்பரேச்சர் மாத்த முடியாது, அது பழுதில்ல. ஸ்டார்ட்டுக்கு முன்னாடியேன்னா கை ஈரமா, பேனல்ல சோப்பு காஞ்சிருக்கான்னு பாத்து காஞ்ச துணியால தொடச்சுட்டு திரும்ப அமுக்குங்க. அதுக்கும் அசையல, பவர் பட்டனே சில நேரம் கேக்கலன்னா, அது லாக் இல்ல, டெக்னீஷியன கூப்பிடுங்க.