வலது கையில் ஆபரேஷன், அதே வாரத்தில் இன்டர்னல்: பிரின்சிபாலிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். என் மகள் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு எய்டட் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம், மூன்றாம் செமஸ்டர். வயது 19. வலது மணிக்கட்டில் நீர்க்கட்டி இருக்கிறது. கோயம்புத்தூரில் அக்டோபர் 14ஆம் தேதி சின்ன ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். 16, 17 தேதிகளில் இன்டர்னல். பல்கலைக்கழகத் தேர்வு நவம்பர் 10ஆம் தேதி தொடங்குகிறது. தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் கடிதம் கொடுத்தால் பிரின்சிபால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டுமா? கடிதத்தைத் தமிழில் எழுதலாமா? கோவை டாக்டர் கொடுக்கும் சான்று இங்கே செல்லுமா? பிரின்சிபாலிடம் நேரில் கேட்டதற்கு, "எல்லாம் யுனிவர்சிட்டி முடிவு, என் கையில் இல்லை" என்றார்.

பதில்: ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உடம்பு சரியில்லை என்பதற்காகத் தேர்வுத் தேதியை மாற்றச் சொல்லும் உரிமை மாணவருக்குக் கிடையாது. ஆனால் முறைப்படி கொடுத்த கோரிக்கையைப் படித்துப் பார்த்து, விதிக்கு உட்பட்டு ஒரு முடிவு சொல்ல வேண்டிய கடமை கல்லூரிக்கு உண்டு. பிரின்சிபால் சொன்னதில் பாதிதான் சரி. பல்கலைக்கழகத் தேர்வின் தேதி அவர் கையில் இல்லை, உண்மை. இன்டர்னல் அவர் கையிலும் துறைத் தலைவர் கையிலும்தான் இருக்கிறது. கேரளத்தில் 2024இல் வந்த நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் இந்த இன்டர்னலிலிருந்துதான் வருகிறது. அதை விட்டுவிடக் கூடாது.

முதலில் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த ஆபரேஷனைத் தேர்வு முடியும்வரை தள்ளிப் போடலாமா? நீர்க்கட்டி ஆபரேஷன் பெரும்பாலும் காத்திருக்கக் கூடியதுதான். கல்லூரியும் முதலில் இதைத்தான் கேட்கும். தள்ளலாம் என்று டாக்டர் சொன்னால் கடிதமே வேண்டாம், தேதியை மாற்றிவிடுங்கள். விரல் மரத்துப்போகிறது, பிடி தளர்கிறது, இப்போதே செய்வது நல்லது என்று அவர் சொன்னால், அந்தக் காரணத்தைச் சான்றில் எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே நாள் குறித்த ஆபரேஷனை "அவசர சிகிச்சை" என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி பதிவில் தேதி முன்பே இருக்கும். அது தெரிந்த பிறகு உண்மையான காரணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது சான்று. "இரண்டு வாரம் ஓய்வு தேவை" என்ற ஒரு வரியால் பயன் இல்லை. எழுதும் கைதானே இங்கே பிரச்சினை? "வலது கையால் தொடர்ந்து எழுத இயலாது, அக்டோபர் 14 முதல் 28 வரை" என்று தேதியோடு இருக்க வேண்டும். 28 என்பதை நான் ஒரு உத்தேசத்துக்குச் சொல்கிறேன். தையல் பிரிக்கும் நாளையும் எழுதத் தொடங்கும் நாளையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் பெயர், கையெழுத்து, தேதி, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், இந்த நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். கோவை டாக்டர் என்பதால் தடை எதுவும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன் 34ஆவது பிரிவு கேட்பது சான்றில் கையெழுத்திடுகிறவர் பதிவு பெற்ற மருத்துவரா என்பதைத்தான். தமிழ்நாட்டில் பதிந்தவரா, கேரளத்தில் பதிந்தவரா என்று பார்த்துச் சான்றைத் தள்ள முடியாது.

இனி கடிதம். "தேர்வைத் தள்ளி வையுங்கள்" என்று கேட்பதுதான் பலரும் செய்கிற பிழை. வகுப்பில் அறுபது பேர் எழுதும் தேர்வை ஒருவருக்காக எந்தப் பிரின்சிபாலும் தள்ள மாட்டார், மறுப்பது அவருக்குச் சுலபம். உங்கள் மகளுக்கு மட்டும் தனியாக வேறு நாளில் தேர்வு என்று கேளுங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணைக் கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற வேண்டிய கடைசித் தேதியைத் துறைத் தலைவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன் ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். இப்படி எழுதலாம்:

"என் மகளுக்கு வலது மணிக்கட்டில் அக்டோபர் 14 அன்று அறுவை சிகிச்சை நடக்க உள்ளது. அக்டோபர் 28 வரை அவளால் வலது கையால் எழுத இயலாது என்று மருத்துவர் சான்று அளித்துள்ளார். ஆகவே 16, 17 தேதிகளில் நடக்கும் இன்டர்னல் தேர்வுகளை அக்டோபர் 30 முதல் நவம்பர் 3க்குள், துறை குறிக்கும் நாளில் தனியாக எழுத அவளை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு நாட்களை மருத்துவ விடுப்பாகப் பதிவு செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சான்றின் நகல் இணைத்துள்ளேன்."

பெயர், வகுப்பு, பதிவு எண் மேலே வரட்டும். நோயின் முழு விவரமும் ஸ்கேன் தாள்களும் தேவையில்லை. கீழே உங்கள் கையெழுத்தோடு மகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். 18 வயது முடிந்த பிறகு சட்டப்படி அவள்தான் மனுதாரர், நீங்கள் ஆதரவாக நிற்கிறீர்கள். பெற்றோர் மட்டும் கையெழுத்திட்ட கடிதத்தை "மாணவி கேட்கவில்லையே" என்று ஓரமாக வைத்துவிட முடியும்.

தமிழில் எழுதலாமா என்றால், குறை தீர்க்க அரசு அதிகாரிக்குத் தரும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. எய்டட் கல்லூரி நிர்வாகம் அந்த வரம்புக்குள் வருமா என்று வாதாட இப்போது நேரம் இல்லை. உங்களுக்கு வருவது தமிழ்தான் என்றால் தமிழிலேயே எழுதி, ஒரு ஆங்கிலப் பிரதியை இணைத்துக் கொடுங்கள். மலையாளம் மட்டும் படிக்கிற கிளார்க்கும் கடிதத்தைத் தள்ளிவைக்காமல் மேலே அனுப்ப அது உதவும்.

ஆபரேஷனுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக ஆபீசில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலும் ஒன்று அனுப்பிவிடுங்கள். பிறகு "கடிதமே வரவில்லை" என்ற பேச்சு எழாது.

பல்கலைக்கழகத் தேர்வு நவம்பர் 10இல்தான் என்பதால், காயம் ஒழுங்காக ஆறினால் மகள் அதை எழுதிவிடுவாள். ஆனால் தேர்வுக்கான பதிவையும் கட்டணத்தையும் கடைசித் தேதிக்குள் முடித்துவிடுங்கள், ஆபரேஷன் பரபரப்பில் இதை மறந்து தவிப்பவர்கள் உண்டு. அக்டோபர் கடைசியிலும் பேனா பிடிக்க முடியவில்லை என்றால், அவள் சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளருக்கு அனுமதி கேட்டு, புதிய சான்றோடு, பிரின்சிபால் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு உடனே விண்ணப்பியுங்கள். தேர்வன்று காலை போய்க் கேட்டால் நடக்காது. ஒரு மாணவிக்காகப் பல்கலைக்கழகம் தேதியை மாற்றுவதை எதிர்பார்க்க வேண்டாம். எழுத முடியாமல் போனால் சப்ளிமென்டரிதான் வழி.

பிரின்சிபால் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு, மாணவர் குறைதீர்ப்பு பற்றிய யு.ஜி.சி. விதிமுறைகள் 2023இன்படி கல்லூரியில் இருக்க வேண்டிய குறைதீர்ப்புக் குழுவுக்கு மகள் பெயரில் புகார் கொடுங்கள். அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாட்களுக்குள் மாணவர் புகார்களை விசாரிக்கப் பல்கலைக்கழகம் நியமிக்கும் ஆம்பட்ஸ்பர்சன் என்ற அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பெண் ஏற்றும் தேதி அதற்குள் தாண்டிவிடலாம் என்பதால், மறுப்பு வந்த அன்றே புகாரைக் கொடுங்கள். எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்துக்குப் போவது இதற்கெல்லாம் பிறகுதான். இன்டர்னலுக்காக அங்கே போனால், கோரிக்கையை இத்தனை நாளில் பரிசீலித்து முடிவு சொல்லுங்கள் என்று கல்லூரிக்கு ஓர் உத்தரவு வாங்கலாம். தேர்வை நடத்துங்கள் என்றே நீதிமன்றம் உத்தரவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.