50 கிலோ மூட்டையில் விற்கக் கிடைப்பது 46 கிலோதான்

"எங்கள் தெருவில் 25 வீடுகளுக்கு மூட்டையாக வெங்காயம் வாங்கி ஆளுக்கு 2 கிலோ பிரித்துத் தருகிறேன். வாங்கிய விலைக்கு மேல் 10 சதவீதம் வைக்கிறேன், எல்லாரும் ஒழுங்காகப் பணம் தந்துவிடுகிறார்கள். அப்படியும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. எங்கே போகிறது?"

எடையில் போகிறது. நீங்கள் மூட்டை விலையை 50-ஆல் வகுக்கிறீர்கள், ஆனால் 50 கிலோவையும் விற்பதில்லை.

மூட்டை விலை 1000, வண்டிக் கூலியும் இறக்குகூலியும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். கொட்டிப் பார்த்தால் அழுகலும் முளைவிட்டதுமாக 3 கிலோ போகும். மீதி 47-ஐ நிறுக்கும்போது ஒரு பைக்கு 40 கிராம் கூடினாலே போதும், எல்லாப் பையும் சேர்ந்து இன்னொரு கிலோ காலி. வெங்காயத்தை வெட்டியா எடையைச் சரிசெய்ய முடியும், தட்டு கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும், குறைத்துக் கொடுக்கவும் யாருக்கும் மனசு வராது. ஆக, காசு வருவது 46 கிலோவுக்குத்தான். கிலோ 22 என்று விற்றால் 1012 வரும், செலவோ 1100. லாபம் இருக்கட்டும், 88 உங்கள் கையிலிருந்து போயிருக்கிறது.

1100-ஐ 46-ஆல் வகுத்தால் கிலோ அடக்கம் கிட்டத்தட்ட 24. உங்கள் 10 சதவீதத்தை அதன்மேல் வைக்க வேண்டும். விலை கூடிவிட்டதே என்று யாராவது கேட்டால் கணக்கை அப்படியே காட்டிவிடுங்கள், உங்கள் கூலியையும் சேர்த்து. மறைத்து வைத்தால்தான் பேச்சு கிளம்பும். 26-க்கு மேல் வரும் அந்த விலை கடை விலையைத் தொட்டுவிடுகிறது என்றால், அந்தச் சரக்கை விட்டுவிடலாம். குழுவாக வாங்குவதாலேயே எல்லாம் மலிவாகிவிடாது.

ஒவ்வொரு தடவையும் மூன்று எடையைக் குறித்து வையுங்கள்: இறக்கியதும் சாக்கு எடை கழித்து, பொறுக்கியதும், கடைசியில் பிரித்துக் கொடுத்தது மொத்தம். முதல் எடையே 50-க்குக் குறைந்தாலும், பொறுக்கியதில் நிறையக் கழிந்தாலும் சரக்கு தந்தவரிடம் பேச வேண்டிய விஷயம். அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிட்டால் அடுத்த பில்லில் கழிக்கச் சொல்ல முடியும், இரண்டு நாள் கழித்துக் கேட்டால் உங்கள் வீட்டில் அழுகியது என்பார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது உங்கள் தராசு, உங்கள் கை. அதற்கு ஒரு வழி, 2 கிலோ கேட்டவருக்கு விழுந்தது 2.060 என்றால் பையில் அதையே எழுதி, அதற்கே காசு வாங்குவது. முன்பணம் வாங்கியிருந்தால் மீதியை அடுத்த முறை நேர்செய்துகொள்ளலாம்.

அப்புறம், 25 வீட்டுக்கும் ஆர்டர் எடுத்தால் கடைசி இரண்டு வீட்டுக்குச் சரக்கு இருக்காது. ஒரு மூட்டைக்கு 45 கிலோவோடு ஆர்டரை நிறுத்திவிடுங்கள். 60 கிலோ சேர்ந்துவிட்டது என்று இரண்டாவது மூட்டையை எடுக்க வேண்டாம், 30 கிலோவுக்கு மேல் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். மிஞ்சியவர்களின் பெயரை அடுத்த வாரப் பட்டியலில் முதலில் போடுங்கள்.