முதல் நாளே "நீ" சொல்லலாமா?

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வேலை கிடைத்து மதுரைக்கு வந்து, திருப்பாலையில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வந்த அன்று கீழ்வீட்டுப் பாட்டியிடம், "பாட்டி, நீ எப்படி இருக்க?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவருடைய மகன், பேத்தி எல்லாரும் அவரை "நீ" என்றுதான் சொல்கிறார்கள். என் பாட்டியிடம் நானும் அப்படித்தான் பேசுவேன். அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் வயதான அம்மாவையும் எல்லாரும் "நீ" என்கிறார்கள். நான் யாரிடம் எப்படிப் பேசுவது?
– வாசகி, மதுரை

பேத்தி "அப்பத்தா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்பதையும், நீங்கள் "நீ எப்படி இருக்க?" என்று கேட்டதையும் அந்த அம்மா ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார். பேத்தியின் "நீ" மடியில் வளர்ந்த உரிமையில் வருவது. மதுரைப் பக்கம் பல வீடுகளில் அம்மாவும் அப்பத்தாவும் அம்மாச்சியும் "நீ"தான். அதே வீட்டில் அப்பாவும் மாமாவும் "நீங்க". அப்பாவைவிட அம்மாவுக்கு மரியாதை குறைவு என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். மீனாட்சியிடம் வேண்டுகிறவர்கள்கூட "தாயே, நீதான் பார்த்துக்கணும்" என்றுதான் கேட்கிறார்கள். நெருக்கம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் "நீ" அதைக் காட்டும். இல்லாத இடத்தில், உன்னைவிட நான் மேலே என்று சொல்வதுபோல் காதில் விழும். அன்று உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

நீங்கள் வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சொந்தக்காரர்களிடம் மட்டும் பேசிப் பழகிய தமிழில் "நீ" நிறைய இருக்கும், வெளியாட்களிடம் பேசும் "நீங்க" குறைவாக இருக்கும். அதனால் பாசமாகச் சொல்ல நினைத்து "நீ" சொல்லியிருக்கிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அறுபதுதான் ஆகிறது என்றால், முகம் சுருங்கியது "நீ"யால் மட்டும் இல்லாமல், "பாட்டி"யாலும் இருக்கலாம். அந்த வயதுக்காரர்களை முதல் முறை "அம்மா" என்பது பத்திரம்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது புதுப் பழக்கம் இல்லை. ஒருவரைக் குறிக்கப் பன்மையைச் சொல்வது வழக்கில் வரும் உயர்சொல், இலக்கணப்படி அமைந்தது அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்த வழக்கு இன்று மரியாதையின் குறைந்தபட்ச அளவாகவே ஆகிவிட்டது. முதல் சந்திப்பில் "நீங்க" சொன்னால் கூடுதல் மரியாதை என்று யாரும் எண்ணுவதில்லை. சொல்லாவிட்டால்தான் கவனிப்பார்கள்.

அதிலும் "நீங்க" என்ற சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. நம் பேச்சில் அந்தச் சொல் பாதி நேரம் வராது. வினைச்சொல்லின் வால்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "எப்ப வந்த?" என்பதில் "நீ" இல்லை, ஆனாலும் அது "நீ"தான். "எப்ப வந்தீங்க?" என்றால்தான் சரி. பழகும்வரை "நீங்க எங்க போற?" என்று தலை ஒருபக்கம், வால் ஒருபக்கமாக வரும். கேட்பவர் வாலைத்தான் எடுத்துக்கொள்வார். அதேபோல முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். "அண்ணே, கொஞ்சம் நிறுத்து" என்று முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் சொன்னால், "அண்ணே" அந்த "நிறுத்து"வைக் காப்பாற்றாது. "நிறுத்துங்கண்ணே" என்று சொல்லிப் பழகுங்கள். ஓட்டுநர் உங்களைவிடச் சின்னவராகத் தெரிந்தாலும் "நிறுத்துங்க தம்பி"தான்.

ஆளைக் கணிக்க முடியாத நேரத்துக்கு நம் ஊரில் ஒரு வழி இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?", "கோயிலுக்குப் போயாச்சா?", "வெளியூர்ப் பயணமா?", "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" இவை எதிலும் "நீ"யும் இல்லை, "நீங்க"வும் இல்லை. வயதில் சின்னவர், முறையில் பெரியவர் என்று குழப்பமான சொந்தங்கள் ஒரு கல்யாண வீட்டில் கூடும்போது, இந்த "ஆச்சா"வை வைத்தே பலர் சமாளிப்பார்கள். ஆனால் இது இரண்டு மூன்று கேள்விக்குத்தான் தாங்கும். அதற்குமேல் பேச்சு நீண்டால், வாலைத் தவிர்க்கிறீர்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கீழ்வீட்டு அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது சின்ன விஷயத்தைப் பெரிதாக்கும். அடுத்த முறை வாசலில் பார்க்கும்போது, "என்னம்மா, காப்பி குடிச்சாச்சா? முழங்கால் வலி தேவலையா?" என்று ஆரம்பித்து, அப்படியே "நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று போய்விடுங்கள். அவர் புரிந்துகொள்வார். அவர் உங்கள் வீட்டுப் படியேறி வந்தால், மற்ற எதற்கும் முன்னால் "வாங்கம்மா" வர வேண்டும். வாசலில் வந்தவரை "வாங்க" என்று சொல்லாதது இந்தப் பக்கம் வருஷக்கணக்கில் நினைவில் நிற்கும் குறை.

அவர் உங்களை "நீ" என்றுதான் சொல்வார். "ஏத்தா, வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்பார். அதில் குறை காண வேண்டாம். "ஏத்தா", "தாயி" ஒட்டி வந்தாலே அது செல்லம். பேத்தி "அப்பத்தா சொல்லுச்சு" என்பதைக் கேட்டு நீங்களும் அவரைப் பற்றி "சொல்லுச்சு" என்று பேசிவிடாதீர்கள். அதுவும் வீட்டு உரிமைதான். உங்களுக்கு "சொன்னாங்க".

என்றைக்கு "நீ"க்கு மாறலாம் என்று கேட்பீர்கள். அவர் வழிவிட வேண்டும். "என்னத்தா, நீங்க நாங்கன்னு வேத்தாள் மாதிரி பேசுற" என்று ஒருநாள் சொல்லக்கூடும். அன்றைக்கும் உடனே தாவ வேண்டாம். இரண்டாம் முறையும் சொன்னால் மாறிக்கொள்ளுங்கள். "நீங்க"விலிருந்து "நீ"க்கு இறங்குவது எளிது. எதிர்த்திசையில் போவது கடினம். நெருங்கிய இரண்டு பேரில் ஒருவர் திடீரென்று "நீங்க சொன்னா சரிங்க" என்று பேசினால், அங்கே கோபம் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும்.

வேலைக்கு வரும் அம்மா விஷயம் வேறு. அங்கே வீட்டார் செய்வதைப் பார்த்து நீங்கள் செய்யக் கூடாது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பண்ணைக்காரர் வீட்டுச் சிறுபிள்ளை, எழுபது வயதுத் தொழிலாளியைப் பெயர் சொல்லி "வாடா, போடா" என்று கூப்பிட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. அங்கே வயது எண்ணிக்கையிலேயே வரவில்லை, சாதி வந்தது. அந்த "நீ" சில வீடுகளில் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. சில வீடுகளில் இருபது வருஷம் சேர்ந்து புழங்கியதால் வந்த "நீ"யாகவும் இருக்கும். வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த அம்மா பதிலுக்கு அவர்களை "நீ" என்கிறாரா என்று கவனியுங்கள், ஓரளவு விளங்கும். எப்படியிருந்தாலும் உங்களுக்கு அவர் "நீங்க"தான். முதலில் கூச்சப்பட்டு, "என்னையப் போயி நீங்கன்னுக்கிட்டு" என்பார். கீழ்வீட்டு அம்மாவைப்போல வழிவிடுகிறார் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். "இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று வேலைப் பேச்சைத் தொடருங்கள்.