வங்கியில் பணம் குறைந்திருக்கிறது, ஆனால் லாபமாம்: இரட்டைப் பதிவு, ஒரு மாதப் புடவைக் கணக்கோடு

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் மொத்தமாகப் புடவை வாங்கி வீட்டிலிருந்தே விற்க ஆரம்பித்திருக்கிறேன். கணக்குப் பார்த்துத் தருபவர் "டபுள் என்ட்ரி போடுங்க" என்கிறார். காசு வந்தது, போனது என்று நோட்டில் எழுதினால் போதாதா? அதோடு, பணம் வந்தால் வங்கி கிரெடிட் என்கிறது, இவர் டெபிட் என்கிறார். எளிய உதாரணத்தோடு யாராவது சொல்லுங்களேன்.

பதில்:

போதாது. வந்தது போனது மட்டும் எழுதினால் மாதக் கடைசியில் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், அதைத்தான் வங்கியின் செயலியே காட்டிவிடுகிறதே. லாபமா நட்டமா, யார் உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் யாருக்குத் தர வேண்டும், உங்கள் பணத்தில் எவ்வளவு அலமாரியில் புடவையாக மடித்துக் கிடக்கிறது, இது எதுவும் அந்த நோட்டில் வராது.

இரட்டைப் பதிவில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு கேள்வி கேட்கிறோம். மதிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது? எங்கிருந்து புறப்பட்டது? சேர்ந்த இடத்தை டெபிட்டில் எழுத வேண்டும், புறப்பட்ட இடத்தை கிரெடிட்டில் எழுத வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே தொகை. அவ்வளவுதான் விதி. டெபிட் என்றால் கெட்டது, கிரெடிட் என்றால் நல்லது என்ற எண்ணத்தை மட்டும் முதலிலேயே தூக்கிப் போட்டுவிடுங்கள், அவை இடப்பக்கம் வலப்பக்கம் மாதிரிதான்.

வங்கி ஏன் தலைகீழாகச் சொல்கிறது என்றால், உங்களுக்கு வரும் ஸ்டேட்மென்ட் வங்கி தன் பக்கத்திலிருந்து எழுதிய கணக்கு. நீங்கள் 100 வெள்ளி போட்டால் வங்கிக்கு அது உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், பணம் உங்களிடமிருந்து வந்தது, அதனால் உங்கள் பெயரில் கிரெடிட். அதே 100 வெள்ளி உங்கள் ஏட்டில் உங்கள் சொத்து, வங்கியில் போய்ச் சேர்ந்தது, அதனால் டெபிட். இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஏட்டுக்கு எப்போதும் உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்.

சரி, உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தனிநபர் வணிகமாகப் பதிந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், தொகைகள் நான் சும்மா போட்டவை.

மாத ஆரம்பத்தில் உங்கள் சேமிப்பிலிருந்து 5,000 வெள்ளியைத் தொழிலுக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கில் போடுகிறீர்கள். சேர்ந்த இடம் வங்கி, புறப்பட்ட இடம் நீங்கள். வங்கி டெபிட் 5,000, முதல் கிரெடிட் 5,000. இந்த இடத்தில் பலர் ஒரு நிமிடம் தடுமாறுவார்கள், "என் பணம், என் தொழில், நான் எதற்கு அதில் ஒரு கணக்கு?" என்று. ஏட்டைப் பொறுத்தவரை தொழில் வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். தொழில் உங்களிடம் 5,000 வெள்ளி வாங்கியிருக்கிறது, அதைத்தான் முதல் என்று எழுதி வைக்கிறோம்.

அடுத்து மொத்தக் கடையில் புடவை ஒன்று 40 வெள்ளி வீதம் 100 புடவை எடுக்கிறீர்கள், மொத்தம் 4,000. கையோடு 2,500 வெள்ளி அனுப்பிவிட்டு மீதி 1,500-ஐ அடுத்த மாதம் தருவதாகச் சொல்கிறீர்கள். சரக்கு டெபிட் 4,000. புறப்பட்டது இரண்டு இடத்திலிருந்து: வங்கி கிரெடிட் 2,500, மொத்தக் கடைக்காரர் கிரெடிட் 1,500. ஒரு பக்கம் ஒரு வரி, மறுபக்கம் இரண்டு வரி என்று வரலாம், கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் போதும். உங்கள் பழைய நோட்டில் "போனது 2,500" என்று மட்டும்தான் இருந்திருக்கும், அந்த 1,500 வெள்ளிக் கடன் அங்கே எங்கும் இருந்திருக்காது, கவனித்தீர்களா?

இடையில் ஒன்று. ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத வரை ஜிஎஸ்டிக்குப் பதிவது கட்டாயம் இல்லை. பதியாதவர் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க முடியாது, அதனால் அது வாங்கிய விலையிலேயே சேர்ந்துவிடும். இந்த 40 வெள்ளியும் அப்படி எல்லாம் சேர்ந்த விலைதான்.

இப்போது விற்பனை. புடவை 70 வெள்ளி. 20 புடவைக்கு வாடிக்கையாளர்கள் பேநவ்வில் அப்போதே அனுப்பிவிட்டார்கள், 1,400 வெள்ளி. இன்னும் 10 புடவையை ஒரு பூட்டிக் கடைக்காரம்மா எடுத்துக்கொண்டு "மாசம் பொறந்ததும் தரேன்மா" என்றார், 700 வெள்ளி. வங்கி டெபிட் 1,400, பூட்டிக் டெபிட் 700, விற்பனை கிரெடிட் 2,100. பணம் வந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, புடவை கை மாறிவிட்டது, அதனால் விற்பனை நடந்துவிட்டது.

வாரக் கடைசியில் ஒரு சந்தையில் மேசை போட்டதற்கு வாடகை 300 வெள்ளி. வாடகை டெபிட் 300, வங்கி கிரெடிட் 300. அப்புறம் வீட்டுச் செலவுக்கு 500 வெள்ளி எடுத்தீர்கள். இது தொழிலின் செலவு இல்லை, போட்ட முதலில் கொஞ்சத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வது. எடுப்பு டெபிட் 500, வங்கி கிரெடிட் 500.

மாதக் கடைசியில் அலமாரியைத் திறந்து எண்ணுங்கள். உண்மையிலேயே கையால் எண்ண வேண்டும். 70 புடவை இருந்தால் 30 வெளியே போயிருக்கிறது, அதன் வாங்கிய விலை 1,200 வெள்ளி. விற்ற சரக்கின் விலை டெபிட் 1,200, சரக்கு கிரெடிட் 1,200. எண்ணும்போது 68 தான் இருக்கிறது என்றால் இரண்டு புடவைக்கு, அதாவது 80 வெள்ளிக்கு, என்ன ஆனது என்று தேட வேண்டும். கறை பட்டு ஒதுக்கியதா, அத்தைக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததா? கறை என்றால் தொழிலின் நட்டம், அத்தைக்கு என்றால் அது எடுப்பு.

இனி ஒவ்வொரு கணக்கிலும் மிச்சம் என்ன என்று பார்த்து இரண்டு பக்கமாக எழுதினால் இருப்பாய்வு, கணக்காளர்கள் டிரயல் பேலன்ஸ் என்பார்கள்:

```
டெபிட்
வங்கி                  3,100
சரக்கு                 2,800
பூட்டிக் தர வேண்டியது       700
விற்ற சரக்கின் விலை       1,200
வாடகை                  300
எடுப்பு                   500
மொத்தம்               8,600

கிரெடிட்
முதல்                  5,000
மொத்தக் கடைக்குக் கடன்    1,500
விற்பனை               2,100
மொத்தம்               8,600
```

லாபம் எடுக்க மூன்று வரி போதும்: விற்பனை 2,100, அதிலிருந்து விற்ற சரக்கின் விலை 1,200, வாடகை 300 இரண்டையும் கழித்தால் 600 வெள்ளி. வங்கியில் 5,000 இருந்தது, இப்போது 3,100 தான், 1,900 வெள்ளி குறைந்திருக்கிறது, ஆனாலும் இந்த மாதம் 600 வெள்ளி லாபம். நோட்டு மட்டும் வைத்திருந்தால் தொழில் மூழ்குகிறது என்று பயந்திருப்பீர்கள். அந்தப் பணம் எங்கே போனது என்பதும் மேலேயே இருக்கிறது: 2,800 விற்காத புடவையாக நிற்கிறது, 700 பூட்டிக்கில் நிற்கிறது, உங்கள் வீட்டுக்கு 500 போயிருக்கிறது. மொத்தக் கடைக்காரர் பொறுத்துக்கொண்ட 1,500 மட்டும் இல்லாவிட்டால் வங்கியில் 1,600 தான் இருந்திருக்கும். அடுத்த மாதம் அதைக் கட்டியாக வேண்டும், பூட்டிக் அம்மா தருவதோ 700 தான், ஆகவே 3,100-ஐப் பார்த்துவிட்டு உடனே இன்னொரு நூறு புடவை எடுக்கப் போகாதீர்கள்.

வருமான வரியும் இந்த 600-ஐ ஒட்டித்தான், 500 எடுத்தீர்களா, 5 கூட எடுக்கவில்லையா என்பதைப் பொறுத்து இல்லை. எடுப்பைச் செலவு என்று எழுதி லாபத்தைக் குறைத்துக் காட்டினால் வரித்துறையான ஐராஸ் ஒப்புக்கொள்ளாது. (பிரைவேட் லிமிடெட் என்றால் கதை வேறு, அங்கே இப்படிச் சும்மா எடுத்துக்கொள்ளவும் முடியாது.) ரசீதுகளையும் ஏட்டையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் ஐராஸ் விதிதான்.

இரண்டு பக்கமும் 8,600 என்று வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம், புதிதாகத் தொடங்குபவர்கள் சிக்கும் இடம் இதுதான். அடுத்த மாதம் பூட்டிக் அம்மா 700 வெள்ளியை பேநவ்வில் அனுப்புகிறார். போன் டிங் என்றதும் கை பழக்கத்தில் வங்கி டெபிட் 700, விற்பனை கிரெடிட் 700 என்று எழுதத் தோன்றும். இரண்டு பக்கமும் சமம்தான், இருப்பாய்வு வாயே திறக்காது. ஆனால் அந்த விற்பனையைப் போன மாதமே எழுதியாகிவிட்டது, இப்போது அதே பத்துப் புடவை இரண்டு முறை விற்றதாகிறது, இல்லாத 700 வெள்ளி லாபத்துக்கு வரியும் கட்டுவீர்கள். சரியான பதிவு: வங்கி டெபிட் 700, பூட்டிக் கிரெடிட் 700. அவர் கடன் பூஜ்யமாகிவிடும், விற்பனையைத் தொடவே தேவையில்லை. தவறு நடந்திருந்தால் எப்படித் தெரியும் என்றால், தர வேண்டியவர்கள் பட்டியலை மாதம் ஒருமுறை பெயர் பெயராகப் படியுங்கள், பணம் தந்துவிட்டார் என்று உங்களுக்கே தெரிந்த ஒருவர் அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தால் அவர் பணம் வேறு எங்கோ ஏறியிருக்கிறது.

அதே போல ஒரு பதிவை முழுக்க விட்டுவிட்டாலும் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். அது வங்கியைத் தொட்ட பதிவு என்றால், பிடிக்க வங்கி ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் போட வேண்டும்.

சமமாக வராவிட்டால் அது உண்மையில் சுலபமான பிரச்சினை. வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா பாருங்கள்: 600 வித்தியாசம் என்றால் 300 வாடகையைத் தவறான பக்கத்தில் எழுதியிருக்கலாம். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், 450-ஐ 540 என்று எழுதினால் வித்தியாசம் 90 வருவது போல. மென்பொருளில் போட்டால் சமமில்லாத பதிவை அதுவே ஏற்காது, ஆனால் பூட்டிக் அம்மாவின் 700-ஐ விற்பனையில் போட்டாலும் அது மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் கோடு போட்ட நோட்டிலோ எக்செல்லிலோ கையாலேயே போட்டுப் பழகிவிட்டு அப்புறம் மென்பொருளுக்குப் போங்கள்.